ஐநா குழுவின் "கருத்து": கொழும்பில் மூடிய கதவும் மாட்ரிட்டில் திறந்த கதவும்

"உள்நாட்டில் கடைசி நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றவர், ஐநாவின் மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபராகப் புகார் அனுப்பலாம் என்கிறார்கள். அங்கே ஜெயித்தால் அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டுமா? இல்லை, அது வெறும் ஆலோசனைதானா?"

அந்தக் குழு நீதிமன்றம் கிடையாது. அது தருவது தீர்ப்பும் கிடையாது. ஆனால் மீறல் நடந்தது என்று அது சொல்லிவிட்டால், அந்த மீறலைச் சரிசெய்யும் கடமை அரசு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கடமையை நீங்கள் உங்கள் நாட்டு நீதிமன்றத்தில் நின்று கேட்க முடியுமா என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இதை விதியாக விளக்குவதைவிட, இரண்டு வழக்குகளை வைத்து விளக்குவது சுலபம். இரண்டிலும் புகார் கொடுத்தவர் ஐநா குழுவில் ஜெயித்தார். இரண்டு பேருமே அந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கள் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவர் வெறுங்கையோடு திரும்பினார், இன்னொருவருக்கு 6 லட்சம் யூரோ இழப்பீடு கிடைத்தது.

முதலில் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1966-ல் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையோடு சேர்த்து ஒரு விருப்ப நெறிமுறையும் ஏற்கப்பட்டது. அது 1976-ல் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் சேர்ந்த நாடு இந்த நெறிமுறையிலும் தனியாகச் சேர்ந்திருந்தால்தான் அந்த நாட்டுக்கு எதிராக ஒரு தனிநபர் புகார் கொடுக்க முடியும். இந்தியா சேரவில்லை, இலங்கை 1997-ல் சேர்ந்தது. புகாரை 18 சுயேச்சையான நிபுணர்கள் கொண்ட மனித உரிமைக் குழு ஆராய்கிறது. பெரும்பாலும் எழுத்து மூலம்தான் நடக்கும், கூட்டம் மூடிய அறையில் நடக்கும். கடைசியில் குழு தன் "கருத்துகளை" அரசுக்கும் புகார்தாரருக்கும் அனுப்பும் என்று 5-ஆவது பிரிவு சொல்கிறது. "தீர்ப்பு" என்ற சொல்லும் அங்கே இல்லை, "கட்டுப்படுத்தும்" என்ற சொல்லும் இல்லை.

அரசுகள் பிடித்துக்கொள்வது இந்த ஒற்றைச் சொல்லைத்தான். கருத்துதானே சொன்னார்கள், கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் நெறிமுறையை மட்டும் தனியாக எடுத்துப் படிப்பது தவறு. உடன்படிக்கையின் 2-ஆவது பிரிவு, உரிமை மீறப்பட்டவருக்குப் பயனுள்ள பரிகாரம் கிடைக்கச் செய்வேன் என்று அரசே கொடுத்த உறுதி. மீறல் நடந்ததா என்று பார்க்கும் வேலையை, அதே அரசு இன்னொரு கையெழுத்துப் போட்டு ஒரு குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தக் குழு ஆம், மீறல் நடந்தது என்று சொன்ன பிறகு, பரிகாரம் தரும் கடமை உடன்படிக்கையிலிருந்துதான் எழுகிறது. குழுவின் சொல் அந்தக் கடமையை உருவாக்கவில்லை, அது இருக்கிறது என்று காட்டுகிறது. 2008-ல் குழு வெளியிட்ட 33-ஆவது பொதுக் கருத்துரையின் நிலைப்பாடும் கிட்டத்தட்ட இதுதான். குழு நீதிமன்றமாகச் செயல்படவில்லை, ஆனாலும் அதன் கருத்துகளுக்கு நீதிமன்ற முடிவின் முக்கியத் தன்மைகள் சில உண்டு, அரசு நல்லெண்ணத்தோடு ஒத்துழைக்கக் கடமைப்பட்டது என்று அது சொல்கிறது. அந்த உரையின் முதல் வரைவு இதைவிட அழுத்தமாக இருந்தது. பல அரசுகள் எதிர்த்ததால் குழு சுருதியைக் குறைத்தது.

சர்வதேச நீதிமன்றமும் 2010-ல் கினி நாட்டுக்கும் காங்கோவுக்கும் நடந்த தியாலோ வழக்கில் இதைத் தொட்டது. உடன்படிக்கைக்குக் குழு தரும் விளக்கத்தை அப்படியே பின்பற்றும் கட்டாயம் எங்களுக்கு இல்லை, ஆனால் அதற்குப் பெரும் மதிப்புத் தருவோம் என்றது. அந்த மதிப்பு எப்போதும் வெல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். 2021-ல் கத்தாருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் நடந்த வழக்கில், இன்னொரு ஐநா குழுவான இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு தந்த விளக்கத்தை அதே நீதிமன்றம் ஏற்காமல் வேறு வழியில் போனது.

சரி, இப்போது இலங்கை வழக்கு. இது சிங்கராசா வழக்கு என்று சட்ட வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. 1993-ல் பாதுகாப்புப் படையினரின் சுற்றிவளைப்பில் கைதான ஒரு தமிழருக்கு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995-ல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999-ல் அதை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. தண்டனைக்கு ஆதாரம் அவர் பொலிஸிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர்தான். சிங்களத்தில் எழுதப்பட்ட அந்த வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் ரேகை இருந்தது. சித்திரவதை செய்து வாங்கினார்கள் என்று அவர் சொன்னபோது, அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான் என்றது சட்டம். அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு நிரூபணச் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைத்திருந்தது.

வழக்கின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐநா குழுக்கள் உள்நாட்டு நீதிமன்றங்களுக்கு மேல் இன்னொரு மேல்முறையீட்டு மன்றமாக உட்காருவதில்லை. சாட்சி சொன்னது பொய், நீதிபதி தப்பாக எடைபோட்டார் என்று எழுதினால், உண்மைகளையும் சான்றுகளையும் எடைபோடுவது உள்நாட்டு நீதிமன்றத்தின் வேலை என்று சொல்லிப் புகாரைத் தள்ளிவிடுவார்கள். எடைபோட்ட விதம் வெளிப்படையாகவே தன்னிச்சையாக இருந்தால், அல்லது நீதி மறுக்கப்பட்டிருந்தால் மட்டும்தான் விலக்கு. பெரும்பாலான புகார்கள் இந்தக் கல்லில்தான் இடறி விழுகின்றன. சிங்கராசா வழக்கில் தாக்கப்பட்டது நீதிபதியின் எடைபோடல் அல்ல, சட்டத்தின் விதி. வாக்குமூலம் கட்டாயமின்றிக் கொடுக்கப்பட்டது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், அதைத் திருப்பிப் போட்டது உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று குழு 2004 ஜூலையில் முடிவு செய்தது. பரிகாரமாக விடுதலை அல்லது மறுவிசாரணை, அதோடு இழப்பீடு என்றது.

அரசு ஆறு மாதத்துக்குப் பிறகு பதில் எழுதியது. எங்கள் அரசமைப்பில் நீதிமன்றம் உறுதி செய்த தண்டனையை நிர்வாகம் நீக்கவோ, மறுவிசாரணைக்கு உத்தரவிடவோ வழி இல்லை என்றது. அப்புறம் அவர் சார்பில் இலங்கை உயர் நீதிமன்றத்துக்கே, அதாவது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே, மனு போனது. குழுவின் கண்டறிதலை அடிப்படையாக வைத்து, ஏற்கெனவே முடிந்த தண்டனையை நீதிமன்றமே மீளாய்வு செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. 2006 செப்டம்பர் 15-ல் தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் அமர்வு மனுவைத் தள்ளியது. தள்ளியதோடு நிற்கவில்லை. மக்களின் நீதித்துறை அதிகாரத்தை ஜெனீவாவில் இருக்கும் ஒரு குழுவுக்குக் கொடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை, எனவே 1997-ல் நெறிமுறையில் சேர்ந்ததே அரசமைப்புக்கு முரணானது என்றது.

இந்தத் தீர்ப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன். தான் நீதித்துறை அதிகாரத்தைச் செலுத்துவதாகக் குழு ஒருநாளும் சொன்னதில்லை. கொழும்புத் தண்டனையை அது ரத்து செய்யவில்லை, ரத்து செய்யவும் முடியாது. ஓர் அரசு தன் வாக்குறுதியை மீறியதா என்று மட்டும்தான் அது பார்த்தது. குழுவே தன்னை நீதிமன்றம் என்று அழைக்காதபோது, நீதிமன்றமாக்கி அதைக் குற்றம் சொன்னது அந்தத் தீர்ப்பு. ஒரு விஷயத்தில் மட்டும் அது சட்டப்படி உறுதியான தரையில் நின்றது. இலங்கை இருமை முறையைப் பின்பற்றும் நாடு. ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் சட்டமாக்காத வரை அது உள்நாட்டு நீதிமன்றத்தில் உரிமையாகப் பேசாது. அப்படி ஒரு சட்டம் அன்று இல்லை.

வெளியே இதன் விளைவு என்ன என்று கேட்டால், சர்வதேசச் சட்டத்தில் எதுவும் மாறவில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றாததற்கு உள்நாட்டுச் சட்டத்தைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தங்கள் குறித்த வியன்னா உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. இலங்கை நெறிமுறையிலிருந்து விலகவும் இல்லை. குழு அதன் பிறகும் இலங்கைக்கு எதிரான புகார்களை ஏற்று முடிவு சொல்லி வருகிறது. ஆனால் சிறையில் இருந்த மனிதருக்கு அந்தக் கருத்தின் வழியாகக் கதவு திறக்கவில்லை.

இப்போது ஸ்பெயினுக்கு வருவோம். இது மனித உரிமைக் குழு அல்ல, தனி ஒப்பந்தமும் தனி நெறிமுறையும் கொண்ட இன்னொரு ஐநா குழுவான பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு கையாண்ட கொன்சாலஸ் கரேன்யோ வழக்கு. கணவரின் வன்முறையால் 1999-ல் மூன்று வயது மகளோடு வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பெண், தொடர்ந்து வந்த மிரட்டல்கள் பற்றிக் காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் 30-க்கும் மேற்பட்ட புகார்கள் கொடுத்தார். அத்தனைக்கும் சேர்த்துக் கணவருக்குக் கிடைத்த ஒரே தண்டனை 45 யூரோ அபராதம். 2002-ல் நீதிமன்றம், கண்காணிப்பு இல்லாமல் தந்தை மகளைச் சந்திக்கலாம் என்றது. 2003 ஏப்ரல் 24-ல், அப்படி ஒரு சந்திப்பின்போது, அவர் ஏழு வயது மகளைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார்.

தாய் நீதித்துறையின் தவறான செயல்பாட்டுக்காக அரசிடம் இழப்பீடு கேட்டார். அமைச்சகம், தேசிய நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பு நீதிமன்றம் என்று எல்லா இடத்திலும் தோற்று, 2011-ல் உள்நாட்டு வழிகள் முடிந்தன. அடுத்த ஆண்டு ஐநா குழுவுக்குப் புகார் அனுப்பினார். 2014 ஜூலையில் குழு அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. இங்கேயும் வாதத்தின் கட்டமைப்பைக் கவனியுங்கள். நீதிபதி தவறாகக் கணித்தார் என்பது வாதமல்ல. தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான தொடர்பை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற பழக்கப்பட்ட எண்ணத்தில், வன்முறைப் பின்னணியையும் குழந்தையின் நலனையும் பார்க்காமல் விட்டார்கள், அது பாகுபாடு என்பதுதான் வாதம். மீறலின் தீவிரத்துக்கு ஏற்ற இழப்பீடு தர வேண்டும், எங்கே தவறு நடந்தது என்று முழுமையான விசாரணை நடத்த வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

அமைச்சகம் மறுத்தது. அவர் மறுபடியும் நீதிமன்றம் ஏறினார். 2018 ஜூலை 17-ல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம், அரசு 6 லட்சம் யூரோ தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நீதிமன்றத்தின் காரணங்களைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதில்லை, மூன்று படிகள் போதும். ஸ்பெயின் அரசமைப்பின் 96-ஆவது பிரிவுப்படி முறையாக வெளியிடப்பட்ட ஒப்பந்தம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. 10-ஆவது பிரிவுப்படி அடிப்படை உரிமைகளை ஒப்பந்தங்களுக்கு இசைவாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். குழுவின் அதிகாரத்தை ஏற்று, அதன் கருத்துகளை உரிய முறையில் பரிசீலிப்பதாகவும் ஒப்பந்தத்தில் உள்ள உரிமைகளை நிறைவேற்றத் தேவையான நடவடிக்கைகளை எடுப்பதாகவும் அரசே வாக்குக் கொடுத்திருக்கிறது. இவற்றைச் சேர்த்தால், குழு கண்டறிந்த மீறலை ஒன்றுமே இல்லாததாக நிர்வாகம் நடத்த முடியாது. குழுவின் கருத்தை நிறைவேற்றத் தனி நடைமுறை எதுவும் நாட்டுச் சட்டத்தில் இல்லை, எனவே அரசின் இழப்பீட்டுப் பொறுப்பு என்ற வழியில் அதைக் கேட்கலாம் என்றது நீதிமன்றம்.

ஸ்பெயினில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னர் வந்த வேறு வழக்குகளில் அதே உச்ச நீதிமன்றம் எப்போதும் இதே தடத்தில் போகவில்லை.

இரண்டு வழக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: ஒன்று இருமை முறை நாடு, மற்றது ஒப்பந்தத்தை நேரடியாக ஏற்கும் நாடு. அது உண்மைதான், ஆனால் பாதிதான். இரண்டு பேரும் நீதிமன்றத்திடம் கேட்டது வேறு வேறு. கொழும்பில் நீதிமன்றம் தன் சொந்த இறுதி முடிவையே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாட்ரிட்டில் பழைய தீர்ப்புகளைத் தொடாமல், நிர்வாகம் பணம் கொடுக்க மறுத்த புதிய முடிவை மட்டும் எதிர்த்தால் போதுமாக இருந்தது. இறுதித் தீர்ப்பைக் கிளறச் சொன்னால் எந்த நீதிமன்றமும் இறுகிப் போகும். அதனால் புகார் எழுதும்போதே, ஜெயித்தால் இதை எந்த அலுவலகத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுபோய் வைக்கப் போகிறோம் என்று யோசித்து, அதற்குப் பொருந்தும் பரிகாரத்தைத்தான் குழுவிடம் கேட்க வேண்டும். மறுவிசாரணை மட்டும் கேட்டுவிட்டு, உள்நாட்டில் மறுவிசாரணைக்குச் சட்டமே இல்லை என்றால், கையில் கிடைத்த கருத்தை வைத்துச் செய்ய ஒன்றும் இருக்காது. இழப்பீடு, தண்டனைக் குறைப்பு, மன்னிப்பு, விசா, குறிப்பிட்ட சட்டப் பிரிவில் திருத்தம் என்று நிர்வாகமோ நாடாளுமன்றமோ தானாகச் செய்யக்கூடியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

புகாரை ஏற்பதா என்ற கட்டத்தில் கவிழ்வதைத் தவிர்க்கவும் வேலை உள்நாட்டிலேயே தொடங்க வேண்டும். உள்நாட்டு வழிகளை முடித்தேன் என்பதற்கு, கடைசி நீதிமன்றத்தின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. குழுவிடம் சொல்லப்போகும் குறையின் சாரத்தை அந்த நீதிமன்றங்களில் ஏற்கெனவே எழுப்பியிருக்க வேண்டும். உடன்படிக்கையின் பிரிவு எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் உள்நாட்டு மனுவில் நிலத் தகராறாக மட்டும் பேசிவிட்டு, குழுவிடம் பாகுபாடு என்று எழுதினால், இதை எங்கள் நீதிமன்றம் கேட்கவே இல்லையே என்று அரசு ஒரே வரியில் புகாரை முறித்துவிடும். அதனால் கடைசி மேல்முறையீட்டு மனுவை எழுதும்போதே ஐநா புகாரின் வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. உள்நாட்டு வழி நியாயமற்ற அளவுக்கு இழுக்கிறது, அல்லது அதனால் பயனே இல்லை என்றால் முடிக்காமலும் வரலாம். அப்போது எத்தனை ஆண்டு, எந்தத் தேதியில் என்ன தள்ளிவைப்பு என்று காட்ட வேண்டும். நம்பிக்கை இல்லை என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

தேதிகளும் முக்கியம். நெறிமுறை உங்கள் நாட்டுக்கு நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன் நடந்ததைக் குழு பொதுவாகத் தொடாது. சிங்கராசாவின் கைதும் தண்டனையும் அந்த நாளுக்கு முந்தியவை. மேல்முறையீட்டு முடிவுகள் அதற்குப் பிறகு வந்ததால்தான் நியாயமான விசாரணை பற்றிய குறை உள்ளே வர முடிந்தது. கெடுவும் குழுவுக்குக் குழு மாறும். மனித உரிமைக் குழுவில் உள்நாட்டு வழிகள் முடிந்து ஐந்து ஆண்டு தாண்டினால், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லாவிட்டால் அதை முறைகேடான பயன்பாடாகக் கருதலாம். குழந்தைகள் உரிமைக் குழுவிலும் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகளுக்கான குழுவிலும் ஓர் ஆண்டுதான். இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழுவில் ஆறு மாதம். இந்தக் கணக்கைத் தவறவிட்டு, நல்ல வழக்கோடு வந்து நின்றவர்களைப் பார்க்கும்போது மனது மிகவும் கஷ்டப்படும்.

கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. காத்திருப்பு மட்டும் நீளம், சில ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்து வந்த பிறகு அரசு என்ன செய்தது என்று ஆறு மாதத்துக்குள் தெரிவிக்கும்படி குழு வழக்கமாகக் கேட்கும். அரசின் பதில் உங்களுக்கும் அனுப்பப்படும், அதற்கு நீங்கள் மறுமொழி எழுதலாம். பலர் இந்தக் கட்டத்தில் களைத்துப்போய் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பதில் பெரும்பாலும் "எங்கள் சட்டம் இதற்கு இடம் தரவில்லை" என்ற பொது வாக்கியமாகவோ, வேறு யாருக்கோ நடத்திய பயிற்சி வகுப்புகளின் பட்டியலாகவோ இருக்கும். குழு சொன்ன பரிகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது தரப்படவில்லை, இன்ன அமைச்சகத்திடம் இன்ன தேதியில் கேட்டேன், இன்ன பதில் வந்தது என்று ஆவணங்களோடு எழுதி அனுப்புங்கள். நாளைக்கு உள்நாட்டில் இழப்பீட்டு வழக்குப் போட வழி கிடைத்தால், நிர்வாகம் மறுத்ததற்கான சான்றாக நீதிமன்றத்தில் வைக்கவும் அதே கடிதக் கட்டு உதவும்.